பழைய வரியை அழிப்பதற்கு முன்

மாதக் கடைசியில் ஒரே ஒருமுறை மட்டும் நான் நுழைகிற சர்வர் ஒன்று உண்டு. அந்த மாதத்துக் கணக்கு அறிக்கைகளை உருவாக்கும் ஸ்கிரிப்ட்டை ஓட்ட வேண்டும், ஃபைல்கள் சரியாக வந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அன்றைக்கும் வழக்கம்போல டெர்மினலைத் திறந்து `ssh reports` என்று அடித்தேன். திரை முழுக்க `@` குறிகளாக அந்த எச்சரிக்கை வந்து நின்றது. தொலைவில் இருக்கும் சர்வருக்குள் நுழைய எஸ்எஸ்எச் பயன்படுத்துகிற எல்லாருக்கும் அது பழக்கமானதுதான்.

```
WARNING: REMOTE HOST IDENTIFICATION HAS CHANGED!
IT IS POSSIBLE THAT SOMEONE IS DOING SOMETHING NASTY!
...
Offending ED25519 key in /home/me/.ssh/known_hosts:14
Host key verification failed.
```

எனக்குப் பதற்றம் எதுவும் வரவில்லை. காரணம் தெரியும் என்று நினைத்தேன். இரண்டு வாரம் முன்பு எங்கள் குழுவில் ஒருவர் அந்தச் சர்வரைப் புதிய மெஷினுக்கு மாற்றியிருந்தார். மாற்றியதாகக் குழுவில் செய்தியும் போட்டிருந்தார். புது மெஷின் என்றால் புது கீ, அதனால் எச்சரிக்கை. எச்சரிக்கைக்குக் கீழேயே, அழிக்க வேண்டிய கட்டளையையும் என் லேப்டாப்பில் இருக்கும் ssh எழுதிக் காட்டுகிறது. அதை அப்படியே நகலெடுத்து ஒட்டினேன்.

```
ssh-keygen -R 203.0.113.27
```

(எண்ணையும் பெயரையும் மாற்றி எழுதியிருக்கிறேன்.) மறுபடி இணைந்தேன். "இந்த ஹோஸ்டை முன்பு பார்த்ததில்லை, தொடரவா?" என்ற கேள்வி வந்தது. `yes` அடித்தேன். பாஸ்வேர்டு கேட்டது. வழக்கமாக என் கீயை வைத்தே உள்ளே விட்டுவிடும், பாஸ்வேர்டு கேட்காது. புது மெஷினில் என் பப்ளிக் கீயைச் சேர்க்க மறந்துவிட்டார்கள் போல என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு பாஸ்வேர்டை அடித்தேன். ஏற்கவில்லை. தட்டச்சுப் பிழையோ என்று மீண்டும் அடித்தேன். மூன்றாவது முறையும் அடித்தேன். `Permission denied` என்று இணைப்பு அறுந்தது.

முன்பு எனக்கு வேலை கற்றுக்கொடுத்த ஒருவருக்கு அப்போது போன் செய்தேன். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். நடந்ததைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி பாஸ்வேர்டைப் பற்றியது அல்ல.

"அழிக்கிறதுக்கு முன்னாடி எதோட ஒப்பிட்டுப் பார்த்தே?"

"ஒப்பிடலீங்க அண்ணா. மெஷின் மாத்தினதா சொல்லியிருந்தாங்க. அதான்."

"மாத்தினாங்கன்னு தெரியும். நீ பேசினது அந்த மெஷின்கூடத்தான்னு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பல மாதங்கள் கழித்தும் அது மனதை விட்டுப் போகாததால்தான் இதை எழுதுகிறேன். இணையத்தில் இந்த எச்சரிக்கையைப் பற்றித் தேடினால் பத்தில் ஒன்பது பேர் "பழைய வரியை அழித்துவிடுங்கள், சரியாகிவிடும்" என்கிறார்கள். அந்தக் கட்டளையில் தவறில்லை. அது கடைசியில் வர வேண்டியது. நாம் அதை முதலில் வைத்துவிட்டோம்.

அந்த வரி எதற்கு இருக்கிறது

ஒவ்வொரு எஸ்எஸ்எச் சர்வரிடமும் ஒரு ஜோடி கீ இருக்கிறது. லினக்ஸ் சர்வர்களில் பொதுவாக `/etc/ssh` அடைவில், `ssh_host_ed25519_key` போன்ற பெயர்களில் கிடக்கும். இதைத்தான் ஹோஸ்ட் கீ என்கிறோம். நம்முடைய லாகின் கீக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நம் கீ சர்வரிடம் நம்மை நிரூபிக்கிறது. ஹோஸ்ட் கீ நம்மிடம் சர்வரை நிரூபிக்கிறது. இணைப்பு தொடங்கும்போதே சர்வர் தன் பிரைவேட் கீயால் கையெழுத்துப் போட்டுக் காட்டும். அந்தக் கையெழுத்தை வேறு யாராலும் போட முடியாது. ஆனால் கையெழுத்துக்கு உரிய கீ நாம் தேடிவந்த சர்வருடையதுதானா என்பதை யார் சொல்வது? இணையதளங்களுக்கு அதைச் சொல்லச் சான்றிதழ் நிறுவனங்கள் இருக்கின்றன. சாதாரண எஸ்எஸ்எச் பயன்பாட்டில் அப்படி யாரும் கிடையாது. முதல் முறை இணையும்போது வந்த கீயை நம் கணினி `known_hosts` ஃபைலில் ஒரு வரியாக எழுதி வைத்துக்கொள்ளும். அடுத்த முறையிலிருந்து அதே கீ வருகிறதா என்று பார்க்கும். முழு ஏற்பாடும் இவ்வளவுதான். முதல் சந்திப்பில் நம்பிக்கை, அதற்குப் பிறகு நினைவு.

கீ நீளமானது என்பதால் கண்ணால் பார்க்க அதன் சுருக்கம் ஒன்று உண்டு; ஃபிங்கர்பிரிண்ட் என்பார்கள், நான் இங்கே ரேகை என்றே சொல்கிறேன். `SHA256:` என்று தொடங்கி 43 எழுத்துகள் வருவது அதுதான். எச்சரிக்கையிலும் அது இருக்கும். நம் கண்ணில் படுவது பெரிய எழுத்தில் இருக்கும் `WARNING` மட்டுமே. உண்மையில் அந்த எச்சரிக்கையில் பயனுள்ள தகவல்கள் இரண்டு. ஒன்று, இப்போது எதிர்முனை காட்டிய ரேகை. இன்னொன்று, `Offending` வரியின் கடைசியில் இருக்கும் எண். மேலே `:14` என்றிருக்கிறதே, நம் ஃபைலில் பதினான்காவது வரியோடு இது மோதுகிறது என்று பொருள்.

ஆக, எச்சரிக்கை சொல்வது ஒன்றே ஒன்று: இந்தப் பெயரில் அல்லது எண்ணில் முன்பு நான் பார்த்த கீ வேறு, இப்போது பார்க்கும் கீ வேறு. ஏன் என்று அதற்குத் தெரியாது. தாக்குதல் என்று அது முடிவு கட்டவில்லை. "இருக்கலாம்" என்கிறது, "கீயை மாற்றியிருக்கவும் வாய்ப்புண்டு" என்றும் கூடவே சொல்கிறது. இரண்டில் எது என்று கண்டுபிடிக்கும் வேலை நம்முடையது.

அதற்கு முன், எவற்றால் ஹோஸ்ட் கீ மாறாது என்று தெரிந்திருப்பது உதவும். சர்வரை ரீபூட் செய்தால் மாறாது. பாஸ்வேர்டை மாற்றினால் மாறாது. வழக்கமான அப்டேட்டில், ஓபன்எஸ்எஸ்எச்சின் புதிய பதிப்பே வந்தாலும், மாறாது. டிஸ்க்கைப் பெரிதாக்கினால் மாறாது. ஓஎஸ்ஸை முதலிலிருந்து நிறுவினால் மாறும். கிளவுடில் ஒரு இமேஜிலிருந்து புது மெஷின் எழுப்பினால் மாறும். முதல் பூட்டிலேயே, மெஷினை அமைத்துக்கொடுக்கும் `cloud-init` என்ற கருவி பழைய ஹோஸ்ட் கீகளை நீக்கிவிட்டுப் புதியன செய்துவிடும். `/etc/ssh` அடைவை யாராவது அழித்தாலோ, எஸ்எஸ்எச் சர்வர் மென்பொருளை அதன் அமைப்புகளோடு சேர்த்து நீக்கி மறுபடி நிறுவினாலோ மாறும். "நேற்று ராத்திரி அப்டேட் போட்டோம், அதனால் இருக்கும்" என்று யாராவது சொன்னால் அது காரணமே ஆகாது.

அழித்ததும் என்ன நடந்தது

எச்சரிக்கை வந்த நிலையில் நான் விட்டிருந்தால் என் பாஸ்வேர்டு எங்கேயும் போயிருக்காது. வழக்கமான அமைப்பில், கீ மாறியிருந்தால் ssh இணைப்பையே அங்கேயே முறித்துவிடும். `StrictHostKeyChecking=no` என்று வைத்து அந்தச் சோதனையைத் தளர்த்தியிருந்தாலும்கூட, மாறிய கீ என்று தெரிந்தால் பாஸ்வேர்டு கேட்பதை அது நிறுத்திவைக்கும். நம் லாகின் கீயை எதிர்முனைச் சர்வரிலிருந்தும் பயன்படுத்த விடும் ஏஜென்ட் ஃபார்வர்டிங்கையும் நிறுத்தும். `Password authentication is disabled to avoid man-in-the-middle attacks` என்று அதைச் சொல்லவும் செய்யும். அதாவது, "மாறிய சர்வர்" என்று தெரிந்திருக்கும் வரை நம் ரகசியத்தை அது கையில் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பழைய வரியை நான் அழித்த அந்த நொடியில் அந்தப் பிடி விட்டுப்போனது. என் கணினியைப் பொறுத்தவரை அது இப்போது மாறிய சர்வர் அல்ல, புதிய சர்வர். புதிய சர்வருக்கு மென்மையான ஒரு கேள்வி மட்டும்தான் வரும். அதற்கு `yes` சொல்லிவிட்டால் பாஸ்வேர்டு கேட்கும், நாம் அடிப்போம். சந்தேகம் இருந்ததற்கான ஒரே சாட்சியை நானே அழித்துவிட்டு, சந்தேகமே இல்லாதவன்போல உள்ளே போக முயன்றிருக்கிறேன்.

பப்ளிக் கீயால் லாகின் செய்பவர்களுக்கு இதில் ஆபத்து குறைவு என்பது உண்மை. நம் பிரைவேட் கீ எப்போதும் கம்பியில் போவதில்லை. நாம் போடும் கையெழுத்தும் அந்த ஒரு இணைப்புக்கு மட்டுமே செல்லும். நடுவில் இருப்பவர் அதை எடுத்து உண்மையான சர்வரிடம் காட்ட முடியாது. ஆனால் பாஸ்வேர்டு அப்படியல்ல. வழியில் போகிறவர்களுக்குத்தான் அது மறைக்கப்பட்டிருக்கிறது. எதிர்முனையில் இருக்கும் சர்வருக்கு அது எழுத்து எழுத்தாகப் போய்ச் சேரும். அந்தச் சர்வரின் உரிமையாளர் நினைத்தால் அதைப் பதிவு செய்ய முடியும். கீ வைத்திருப்பவர்களுக்கும் வேறு வழியில் வலை உண்டு: போலி சர்வர் எந்தக் கீயையும் ஏற்றுக்கொள்வதுபோல நடித்து உள்ளே விட்டுவிட்டு, நாம் `sudo` போடும்போது பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ரேகையைப் பார்க்கப் போனோம்

அண்ணன் என்னை முதலில் சர்வர் வாடகை நிறுவனத்தின் கண்ட்ரோல் பேனலுக்குள் போகச் சொன்னார். அங்கே ஒவ்வொரு மெஷினுக்கும் பிரவுசரிலேயே திறக்கும் கன்சோல் உண்டு. மெஷினுக்கு நேராக மானிட்டர் மாட்டியதுபோல அதன் திரையைக் காட்டும். முக்கியமானது, அது எஸ்எஸ்எச் வழியாக வருவதில்லை. சந்தேகப்படுகிற பாதையை விட்டு வேறு பாதையில் போய்ப் பார்க்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். `ssh-keyscan` போட்டு ரேகையை எடுக்கலாமா என்று நான் கேட்டேன். "அதே ஆளைக் கூப்பிட்டு நீ யாருன்னு கேட்கிற மாதிரி அது" என்றார். நடுவில் ஒருவர் இருந்தால் `ssh-keyscan`-க்கும் அவர்தான் பதில் சொல்வார்.

கன்சோலில் லாகின் செய்து இதை ஓட்டினேன்:

```
ssh-keygen -lf /etc/ssh/ssh_host_ed25519_key.pub
```

ரேகை வந்தது. டெர்மினலில் மேலே உருட்டி, எச்சரிக்கையில் இருந்த ரேகையோடு ஒப்பிட்டேன். பொருந்தவில்லை. நாலு எழுத்துகூட ஒத்துப்போகவில்லை. கை சில்லிட்டது என்று சொன்னால் அது மிகை இல்லை.

அண்ணன் அடுத்து ஒன்று சொன்னார். `ssh-keygen -R` அழிக்கும்போது பழைய ஃபைலை `known_hosts.old` என்று பத்திரமாக வைத்துவிடும். அதில் இருக்கும் பழைய ரேகையைப் பார்க்கச் சொன்னார்.

```
ssh-keygen -l -F 203.0.113.27 -f ~/.ssh/known_hosts.old
```

அதில் வந்த ரேகையும் கன்சோலில் இருந்த ரேகையும் ஒன்றே. ஒரு எழுத்து பிசகவில்லை. கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. எங்கள் சர்வரின் கீ மாறவே இல்லை. பழைய கீ இன்னும் அதனிடம்தான் இருக்கிறது. அப்படியானால் நான் பேசிக்கொண்டிருந்தது யாரிடம்?

விடை பேனலிலேயே இருந்தது. மெஷினின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த ஐபி எண் வேறு. சர்வரை மாற்றியவர் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தார்: புது மெஷினை எழுப்பி, பழைய மெஷினின் `/etc/ssh/ssh_host_*` ஃபைல்களை அப்படியே அதில் வைத்து, டிஎன்எஸ்ஸில் பெயரைப் புது ஐபிக்குத் திருப்பி, பழைய மெஷினை விட்டுக்கொடுத்துவிட்டார். ஹோஸ்ட் கீகளைக் கூடவே கொண்டுபோனதால் குழுவில் வேறு யாருக்கும் எச்சரிக்கை வரவே இல்லை. நான் மட்டும் என்றைக்கோ ஒருநாள் `~/.ssh/config` ஃபைலில் பெயருக்குப் பதில் ஐபி எண்ணை எழுதிவைத்திருந்தேன். விட்டுக்கொடுத்த ஐபியை வாடகை நிறுவனம் வேறொரு வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிட்டது. முன்பின் தெரியாத ஒருவருடைய மெஷினின் கதவில் நின்று, என் பாஸ்வேர்டை மூன்று முறை சொல்லியிருக்கிறேன்.

தாக்குதல் எதுவும் நடக்கவில்லை. அந்த வாடிக்கையாளர் யாரென்றே எனக்குத் தெரியாது. என் பாஸ்வேர்டு அங்கே பதிவாகியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு, சாதாரண எஸ்எஸ்எச் சர்வர் அதை லாகில் எழுதாது. ஆனாலும் வந்த பாஸ்வேர்டையெல்லாம் சேகரிக்கவென்றே எழுப்பி வைக்கும் பொறிச் சர்வர்களும் கிளவுடில் ஏராளம். இது எந்த வகை என்று வெளியிலிருந்து சொல்ல வழியில்லை. அதனால் அன்றைக்கே அந்தப் பாஸ்வேர்டை, அதே பாஸ்வேர்டை வைத்திருந்த மற்ற இரண்டு மெஷின்களிலும் சேர்த்து, மாற்றினேன். `config` ஃபைலில் ஐபியை நீக்கிவிட்டுப் பெயரை எழுதினேன். `known_hosts`-இல் நான் `yes` சொல்லிச் சேர்த்த அந்நிய வரியையும் நீக்கினேன். இதைப் பலர் மறந்துவிடுவார்கள். அந்த வரி இருக்கும் வரை அந்நியருடைய மெஷின் என் கணினிக்குத் தெரிந்த முகமாகவே இருக்கும்.

எனக்கு இன்றும் உறுத்துவது பாஸ்வேர்டு அல்ல. என்னிடம் ஒரு காரணம் இருந்தது, அது உண்மையான காரணமும்கூட. சர்வரை மாற்றியது நிஜம். அந்தக் காரணமே என்னைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோனது. "ஏன் மாறியிருக்கும்" என்பதற்கு நம்பும்படி ஒரு பதில் கிடைத்தவுடன், "இது அதுதானா" என்ற கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டேன். இரண்டும் வேறு வேறு கேள்விகள். முதல் கேள்விக்குக் குழுச் செய்தி பதில் சொல்லும். இரண்டாவதற்கு ரேகை மட்டும்தான் பதில் சொல்லும்.

கிட்ஹப் கீயை மாற்றிய நாள்

2023 மார்ச் 24 அன்று உலகம் முழுக்க நிறைய டெவலப்பர்களின் திரையில் ஒரே நேரத்தில் இந்த எச்சரிக்கை வந்தது. `git pull` போட்டால் `github.com`-இன் கீ மாறிவிட்டது என்றது. கிட்ஹப்பின் ஆர்எஸ்ஏ ஹோஸ்ட் பிரைவேட் கீ ஒரு பொது ரெப்போவில் கொஞ்ச நேரம் வெளியே தெரிந்துவிட்டது. அதனால் முன்னெச்சரிக்கையாக அதை மாற்றுகிறோம் என்று அவர்களே அறிவித்தார்கள். கிட்ஹப்பின் மற்ற வகை ஹோஸ்ட் கீகளான இசிடிஎஸ்ஏ, எட்25519 ஆகியவற்றைப் பயன்படுத்தியவர்களுக்கு எந்த மாற்றமும் இல்லை. ஆர்எஸ்ஏ கீயை நினைவில் வைத்திருந்தவர்களுக்கு மட்டும்தான் எச்சரிக்கை.

பாதுகாப்பாகத் தொடரலாம் என்பதற்கு நான் காட்டக்கூடிய நல்ல உதாரணம் இது. கீயை மாற்றியவர்களே மாற்றினோம் என்று சொன்னார்கள். காரணத்தைச் சொன்னார்கள். புதிய ரேகையைத் தங்கள் இணையதளத்தில் வெளியிட்டார்கள், அதை எச்டிடிபிஎஸ் வழியாக, அதாவது எஸ்எஸ்எச்சைச் சாராத வேறொரு பாதையில், யாரும் பார்க்க முடியும். அன்றைக்குச் செய்ய வேண்டியிருந்தது, எச்சரிக்கையில் இருந்த ரேகையை அந்தப் பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிடுவது. ஒத்துப்போனால் பழைய வரியை நீக்கிப் புதியதைச் சேர்ப்பது. "இன்றைக்கு எல்லாருக்கும் வருதாம், கிட்ஹப் மாத்திட்டாங்களாம்" என்ற செய்தியை மட்டும் கேட்டு, ஒப்பிடாமல் `yes` சொன்னவர் நான் செய்ததையே செய்திருக்கிறார். எல்லாரும் எச்சரிக்கையை எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒரு நாள், நடுவில் புக நினைப்பவருக்கு வசதியான நாள்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்தச் சம்பவத்தில் பழைய வரியை வைத்திருப்பதுதான் ஆபத்து. வெளியே போன பழைய பிரைவேட் கீ யாரிடமாவது சிக்கியிருந்தால், அதை வைத்துப் போலி கிட்ஹப்பை எழுப்ப முடியும். பழைய வரி இருக்கும் கணினி எந்த எச்சரிக்கையும் காட்டாமல் அதை ஏற்றுக்கொள்ளும். எச்சரிக்கை வந்தால் தப்பு, வராவிட்டால் சரி என்று பழகியிருக்கிறோம். அன்றைக்கு எச்சரிக்கை வந்து, ரேகையும் ஒத்துப்போனவர்கள் உண்மையான கிட்ஹப்போடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

எப்போது தொடர்கிறேன்

வீட்டில் ராஸ்பெர்ரி பை ஒன்று இருக்கிறது. அதன் எஸ்டி கார்டில் ஓஎஸ்ஸைப் புதிதாக எழுதிப் போட்டு, பத்து நிமிடத்தில் அதில் நுழையும்போது எச்சரிக்கை வந்தால் பழைய வரியை அழித்துவிட்டுத் தொடர்கிறேன். மாற்றியது நானே, மெஷின் என் மேசையில் இருக்கிறது, நடுவில் என் வீட்டு ரவுட்டர் மட்டும்தான். அதிலும்கூட, ரவுட்டர் முன்பு டிவிக்குக் கொடுத்த எண்ணைப் பைக்குக் கொடுத்துவிட்டதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வேன். வீட்டு நெட்வொர்க்கில் எண்கள் கைமாறுவது சாதாரணம், பல எச்சரிக்கைகள் அங்கிருந்துதான் பிறக்கின்றன.

கிளவுடில் நானே எழுப்பிய புது மெஷின் என்றால், அதன் கன்சோல் லாகைத் திறக்கிறேன். `cloud-init` முதல் பூட்டின்போது `BEGIN SSH HOST KEY FINGERPRINTS` என்ற தலைப்பில் எல்லா ரேகைகளையும் அங்கே எழுதிவைக்கும். அதில் எட்25519 வரியில் இருக்கும் ரேகையை நகலெடுத்துக்கொள்வேன். எந்த வகைக் கீ என்பதைக் கவனிக்க வேண்டும். எச்சரிக்கை எட்25519 என்று சொல்லும்போது ஆர்எஸ்ஏ ரேகையோடு ஒப்பிட்டால் எப்போதுமே பொருந்தாது, வீணாகப் பயப்பட வேண்டிவரும். பழைய வரியை நீக்கியதும் `(yes/no/[fingerprint])` என்று கேட்குமே, அந்த இடத்தில் `yes` என்று அடிக்காமல் ரேகையை ஒட்டிவிடலாம். ஓபன்எஸ்எஸ்எச் 8.0 முதல் இந்த வசதி இருக்கிறது. ஒட்டியது வந்த ரேகையோடு பொருந்தினால்தான் உள்ளே விடும். 43 எழுத்தைக் கண்ணால் ஒப்பிடும்போது முதல் நாலும் கடைசி நாலும் பார்த்துவிட்டுச் சரி என்று விட்டுவிடுவோம். கணினி அப்படி விடாது. இந்த ஒரு பழக்கத்தைத்தான் நண்பர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சர்வர் வேறொருவர் பொறுப்பில் இருந்தால், அவரிடம் போனில் கேட்கிறேன். "மாத்தினீங்களா?" என்று மட்டும் கேட்டால் போதாது, "எட்25519 ரேகையைப் படிச்சுக் காட்டுங்க" என்று கேட்க வேண்டும். முதலில் சிலர் விநோதமாகப் பார்த்தார்கள், இப்போது அவர்களே மாற்றும்போது ரேகையையும் சேர்த்து அனுப்புகிறார்கள்.

தொடராமல் நிறுத்துவது எப்போது என்றால், மாற்றியவர் என்று யாருமே இல்லாதபோது. ரயில் நிலையத்திலோ விடுதியிலோ வைஃபையில் இருக்கும்போது மட்டும் எச்சரிக்கை வந்தால், லேப்டாப்பை மொபைல் டேட்டாவுக்கு மாற்றிப் பார்க்கிறேன். அங்கே பழைய கீயே வந்து எச்சரிக்கை இல்லாமல் நுழைய முடிந்தால், சிக்கல் அந்த வைஃபையில்தான். அந்த வைஃபையில் எஸ்எஸ்எச் வேலையை விட்டுவிடுவேன். ஆனால் இந்தச் சோதனைக்கு ஒரு எல்லை உண்டு. இரண்டு பாதையிலும் ஒரே புதிய ரேகை வந்தால், வைஃபைமேல் பழியில்லை என்று மட்டும்தான் தெரியும். சர்வர் உண்மையானது என்று அது நிரூபிக்காது. என் கதையில் எந்த நெட்வொர்க்கிலிருந்து பார்த்தாலும் அந்த அந்நிய மெஷினின் ரேகைதான் வந்திருக்கும். இன்னொரு அடையாளமும் உண்டு: சம்பந்தமே இல்லாத இரண்டு மூன்று சர்வர்களுக்கு ஒரே நாளில் எச்சரிக்கை வந்து, எல்லாவற்றிலும் ஒரே ரேகை இருந்தால், நடுவில் ஏதோ ஒன்று எல்லா இணைப்பையும் பிரித்துப் பார்க்கிறது. எஸ்எஸ்எச்சையும் அப்படிப் பிரித்துப் பார்க்கும் ஃபயர்வால்கள் சில அலுவலகங்களில் உண்டு. நெட்வொர்க் பொறுப்பாளரிடம் கேட்டுத் தெளிவாகும்வரை எதையும் அடிக்கக் கூடாது.

ஸ்கிரிப்ட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. எச்சரிக்கை வந்து நள்ளிரவு பேக்கப் நின்றுவிடக் கூடாது என்று `StrictHostKeyChecking=no`, `UserKnownHostsFile=/dev/null` இரண்டையும் சேர்த்துப் போடுகிறவர்கள் நிறைய. இரண்டும் சேர்ந்தால் எந்தச் சர்வரும் எப்போதும் புதியதுதான். மாற்றம் என்ற ஒன்றைக் கண்டுபிடிக்கவே முடியாது. அவை இரண்டையும் எடுத்துவிட்டு `StrictHostKeyChecking=accept-new` மட்டும் போடுங்கள். இதுவரை பார்க்காத சர்வரைக் கேட்காமல் ஏற்கும், கீ மாறிய சர்வரை மறுக்கும். பேக்கப் ஒரு இரவு நிற்பது, அது யாருக்குப் போகிறது என்று தெரியாமல் ஓடுவதைவிட எவ்வளவோ மேல்.

எங்கள் குழுவில் சர்வரை மாற்றியவரிடம் பிறகு பேசினேன். ஹோஸ்ட் கீகளை ஏன் கூடவே கொண்டுபோனார் என்று கேட்டேன். "எல்லாருக்கும் எச்சரிக்கை வந்தா எல்லாரும் யோசிக்காம அழிப்பாங்க, அப்புறம் நிஜமாவே ஏதாவது வந்தாலும் அழிப்பாங்க" என்றார். அதனால்தான் அவர் மாற்றும் சர்வர்களில் எச்சரிக்கை வருவதே இல்லை. அந்த மாத அறிக்கையை மறுநாள் காலையில் எடுத்தேன். `config`-இல் சரியான பெயர், கன்சோலில் படித்த ரேகை, கேள்வி வந்த இடத்தில் அதை ஒட்டினேன். பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே விட்டது.